தவணையில் வட்டி முதலில் வசூலிக்கப்படுகிறதா? 5 ஆண்டுக்குப் பின்னும் அசல் ஏன் அசையவில்லை?

நீலக்கடல்

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கடன் ஒன்றை 10 லட்சத்துக்கு, 9 சதவீத வட்டியில், 20 ஆண்டுக் காலத்துக்கு எடுத்தேன். மாதத் தவணை 8,997. ஒப்பந்தத்தோடு தந்த அட்டவணையை அண்மையில்தான் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். முதல் 60 தவணைகளில் நான் செலுத்துவது மொத்தம் 5,39,836. அதன் பின்னும் நிற்கும் நிலுவை 8,87,071. அதாவது, ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகையைக் கொடுத்த பிறகு அசலில் கழிந்திருப்பது 1,12,929 மட்டுமே. மீதி 4,26,906 வட்டியாகப் போயிருக்கிறது.

காலத்தில் நான்கில் ஒரு பங்கு கடந்திருக்கும்போது அசலில் ஒன்பதில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது என்றால், கடன் கொடுத்தவர்கள் தங்கள் வட்டியை முதலில் எடுத்துக்கொண்டு, அசலைப் பின்னால் தள்ளிவைக்கிறார்கள் என்றுதானே பொருள்? ஒவ்வொரு தவணையிலும் வட்டியையும் அசலையும் ஒரே விகிதத்தில் பிரித்திருந்தால் இந்நேரம் நிலுவை ஏழரை லட்சமாக இருந்திருக்கும். இந்தப் பிரிப்பை யார், எந்த விதிப்படி முடிவு செய்கிறார்கள் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

எழிலி

நீங்கள் சந்தேகப்பட்டது சரியே. தவணை முறையில் முன்பாதி வட்டிக்கு, பின்பாதி அசலுக்கு என்றுதான் அமைத்திருக்கிறார்கள். கடன் வாங்கியவர் இடையில் முழுவதையும் அடைத்துவிட்டுப் போனாலும் தங்கள் இலாபம் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். ஆகவே, கூடுதல் பணம் கட்டி அசலைக் குறைப்பதென்றால் தொடக்க ஆண்டுகளிலேயே செய்துவிடுங்கள். பாதிக் காலம் கடந்த பிறகு அப்படிச் செய்வதில் பயனில்லை. ஏனெனில் வட்டியின் பெரும்பகுதியை அதற்குள் கொடுத்து முடித்திருப்பீர்கள்.

முன்னாள் காசாளர்

நீலக்கடல் அவர்களுக்கு: இந்தப் பிரிப்பை யாரும் தனியாக முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு மாதமும் நடப்பது ஒன்றே ஒன்றுதான். அந்த மாதத் தொடக்கத்தில் நிற்கும் நிலுவைக்கு ஒரு மாத வட்டி கணக்கிடப்படுகிறது. தவணையிலிருந்து அது கழிக்கப்படுகிறது. எஞ்சியது அசலுக்குப் போகிறது. ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் மாதத்துக்கு 0.75 சதவீதம். முதல் மாதம் உங்களிடம் இருந்தது முழு 10 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டி 7,500. தவணை 8,997.26 என்பதால் அசலுக்கு மிஞ்சியது 1,497.26. வட்டி அதிகமாகத் தெரிவதற்கு, அந்த மாதம் முழுவதும் நீங்கள் முழு 10 லட்சத்தையும் வைத்திருந்தீர்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இரண்டாம் மாதம் நிலுவை 9,98,502.74. அதற்கு வட்டி 7,488.77. முந்தைய மாதத்தைவிட 11.23 குறைவு. தவணை மாறாததால் அந்த 11.23 அப்படியே அசலின் பக்கம் சேர்ந்து, அசல் பகுதி 1,508.49 ஆகிறது. இந்த 11.23 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: முதல் மாதம் கழித்த 1,497.26-க்கு இனி வட்டி கட்ட வேண்டியதில்லை, அதன் 0.75 சதவீதம்தான் 11.23. ஆக, வட்டி விகிதமும் தவணையும் மாறாதவரை, அசல் பகுதி ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைப்போல் 1.0075 மடங்காக வளரும். வட்டிக்கு வட்டி என்ற அதே பெருக்கம் இங்கே உங்கள் பக்கம் நின்று வேலை செய்கிறது. தொடங்கும் இடம் சிறியது என்பதால் நெடுங்காலம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எழிலி அவர்கள் சொல்வதில் ஒரு பாதியை ஏற்கிறேன்: தொடக்கத்தில் கூடுதல் பணம் கட்டினால் மொத்தத்தில் மிச்சமாகும் தொகை பெரியது. ஆனால், வட்டியை முன்கூட்டியே வசூலித்துவிடுகிறார்கள் என்பதை ஏற்க இயலாது. இன்று அடைக்க நினைத்தால் நீங்கள் கொடுக்க வேண்டியது நிலுவை அசலும், கடைசித் தவணைக்குப் பின் கடந்த சில நாட்களுக்கான வட்டியும் மட்டுமே. வருங்கால மாதங்களுக்கான வட்டி எதுவும் முன்பே வாங்கப்பட்டிருக்காது. மொத்த வட்டியை முதலிலேயே கணக்கிட்டு அசலோடு சேர்த்துவிடும் வேறு வகைக் கடன்களும் உண்டு. அவற்றில் நீங்கள் சொல்வது பொருந்தும். நீலக்கடல் காட்டிய அட்டவணை அந்த வகை அன்று.

நீலக்கடல்

நன்றி ஐயா. மாதக் கணக்கு புரிகிறது. ஆனாலும் ஓர் ஐயம் மிஞ்சுகிறது. தவணைத் தொகையே 8,997 என்று வைத்ததால்தான் முதல் மாதம் அசலுக்கு வெறும் 1,497 கிடைத்தது. அந்தத் தொகையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்தானே? பிரிப்பை நேரடியாக முடிவு செய்யாவிட்டாலும், தவணை வழியாக மறைமுகமாக முடிவு செய்திருக்கிறார்கள் அல்லவா?

முன்னாள் காசாளர்

நல்ல கேள்வி, இதைப் பலர் கேட்பதில்லை. தவணையை முடிவு செய்தது 20 ஆண்டு என்ற காலம். அதைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், அல்லது நீங்களும் அவர்களும் சேர்ந்து. இதைத் தெளிவாகக் காண அட்டவணையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும்.

கடைசித் தவணையில் அசல் 8,930.28, வட்டி 66.98. அதற்கு முந்தையதில் அசல் 8,863.80, வட்டி 133.46. ஒவ்வொரு படியிலும் அசல் பகுதி 1.0075-ஆல் வகுபட்டுக்கொண்டே வருகிறது. ஆகவே எந்த ஒரு தவணையின் அசல் பகுதியையும் முழு அட்டவணை இல்லாமலே இப்படி எழுதிவிடலாம்:

```
அசல் பகுதி = தவணை / (1 + r)^m
```

இதில் r என்பது மாத வட்டி, 9 சதவீதத்துக்கு 0.0075. m என்பது இந்தத் தவணையையும் சேர்த்து இன்னும் செலுத்த வேண்டிய தவணைகளின் எண்ணிக்கை. நீங்கள் இதுவரை எத்தனை தவணை கட்டினீர்கள் என்பதும், முதலில் எவ்வளவு கடன் வாங்கினீர்கள் என்பதும் இதில் வரவே இல்லை. தவணையில் எத்தனை பங்கு அசல் என்பதைத் தீர்மானிப்பவை வட்டி விகிதமும் எஞ்சியிருக்கும் தவணைகளும் மட்டுமே.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. 9 சதவீதத்தில், அசல் பகுதி தவணையில் சரிபாதியாக இருக்க வேண்டுமானால் 1.0075^m என்பதன் மதிப்பு 2 ஆக வேண்டும். அதற்கு ஏறத்தாழ 93 தவணைகள். அதாவது, எஞ்சிய தவணைகள் 93-க்குக் குறையும் நாளிலிருந்து அசல் வட்டியை முந்திவிடும். உங்கள் 240 தவணைக் கடனில் அது 149-ஆம் தவணை, அதாவது 12 ஆண்டு 5 மாதம். கடன் 10 லட்சமாக இருந்தாலும் ஒரு கோடியாக இருந்தாலும் இந்த எண் மாறாது. வட்டி 12 சதவீதமானால் 93 என்பது 70 ஆகிவிடும். 6 சதவீதமானால் 139 ஆகும்.

இதே கடனை 5 ஆண்டுக்கு எடுத்திருந்தால் எஞ்சிய தவணைகள் முதல் நாளே 60 மட்டும். தவணை 20,758, அதில் வட்டி அதே 7,500, அசல் 13,258. முதல் மாதத்திலிருந்தே அசல்தான் பெரும்பகுதி. இதே வட்டி, இதே கணக்கு முறை, ஆனால் யாரும் அங்கே வட்டியை முதலில் எடுக்கிறார்கள் என்று குறைசொல்ல மாட்டார்கள்.

உங்கள் கடனின் கடைசி 5 ஆண்டுகளைத் தனியே வெட்டியெடுத்துப் பாருங்கள். அப்போது நிலுவை சுமார் 4,33,430. அந்தத் துண்டு, 4,33,430-ஐ 5 ஆண்டுக்குப் புதிதாகக் கடன் வாங்கியவரின் அட்டவணையோடு வரிக்கு வரி ஒத்துப்போகும். நீண்ட காலக் கடன் என்பது குறுங்காலக் கடனின் தலைப்பக்கத்தில் வட்டி மிகுந்த ஆண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போவதுதான். தவணை குறைய வேண்டும் என்பதற்காக அந்த ஆண்டுகளை நாம்தான் சேர்க்கிறோம். 20 ஆண்டை 30 ஆக்கினால் தவணை 8,046 ஆகும். மாதம் 951 மிச்சம். அதற்கு விலையாக முதல் மாத அசல் பகுதி 546-க்கு இறங்கிவிடும். மொத்த வட்டி 11.59 லட்சத்திலிருந்து 18.97 லட்சத்துக்கு ஏறிவிடும். என் பார்வையில் 20 ஆண்டுக்கு மேல் காலத்தை நீட்டுவதில் தவணைக் குறைப்பு மிகக் குறைவு; வருமானம் வேறு வழியே இல்லாமல் இறுக்கமாக இருந்தாலொழிய நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

விரிதாள்

மேலே உள்ள எண்களைத் தாங்களே சரிபார்க்க விரும்புவோர் எந்த விரிதாள் மென்பொருளிலும் இந்த மூன்றையும் இட்டுப் பார்க்கலாம். முதலாவது தவணையையும், இரண்டாவது 60-ஆம் தவணையின் வட்டிப் பகுதியையும், மூன்றாவது அதே தவணையின் அசல் பகுதியையும் தரும்.

```
=PMT(0.09/12, 240, -1000000)
=IPMT(0.09/12, 60, 240, -1000000)
=PPMT(0.09/12, 60, 240, -1000000)
```

கடன் தொகைக்கு முன்னுள்ள கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடைகள் எதிர்மறையாக வரும். அதனால் கணக்கு பிழையாகிவிடாது. வட்டியை 12-ஆல் வகுக்க மறப்பதுதான் உண்மையான பிழை. தவணை ஏறத்தாழ 90,000 என்று வந்தால் அதை மறந்திருக்கிறீர்கள்.

தவணைக்காரர்

எனக்கும் இதே சிக்கல்தான் என்று நினைக்கிறேன், இங்கேயே கேட்கிறேன். ஒப்பிட எளிதாக இருக்கட்டும் என்று என் கடனையும் 10 லட்சம், 9 சதவீதம், 20 ஆண்டு என்றே வைத்துச் சொல்கிறேன். என்னுடையது மாறும் வட்டிக் கடன். 24 தவணை கட்டிய பிறகு வட்டியை 10.5 சதவீதமாக உயர்த்தினார்கள். தவணை மாறவில்லை என்பதால் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. இப்போது வந்திருக்கும் அறிக்கையில் எஞ்சிய தவணைகள் 313 என்று இருக்கிறது. 24 கட்டியவனுக்கு மீதி 216தானே இருக்க வேண்டும்? வட்டி ஒன்றரை சதவீதம்தான் கூடியிருக்கிறது; இருபது, முப்பது மாதம் கூடினால் புரிந்துகொள்வேன். 97 மாதம் எப்படிக் கூடும்? இதுவும் வட்டியை முதலில் எடுக்கும் வேலைதானா, அல்லது அறிக்கையில் பிழையா?

எழிலி

இது பிழையாகத்தான் இருக்கும். ஒன்றரை சதவீத உயர்வுக்கு எட்டு ஆண்டுகள் நீள்வது நடைமுறையில் பொருந்தாது. எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள்.

முன்னாள் காசாளர்

விளக்கம் கேட்பதில் தவறில்லை. ஆனால் எண் சரியானது. நீங்கள் கேட்பது நீலக்கடலின் கேள்வியும் அன்று. அங்கே வட்டி மாறவில்லை. இருப்பினும் விடை அதே சூத்திரத்தில்தான் இருக்கிறது.

24 தவணைக்குப் பின் நிலுவை 9,60,789. பழைய வட்டியில் 25-ஆம் தவணையில் வட்டி 7,206, அசல் 1,791 என்று இருந்திருக்கும். 10.5 சதவீதத்தில் அதே நிலுவைக்கு மாத வட்டி 8,407. தவணை மாறாததால் அசலுக்கு மிஞ்சுவது 590. வட்டிப் பகுதி ஆறில் ஒரு பங்குதான் ஏறியிருக்கிறது. ஆனால் அசல் பகுதி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. கடன் எப்போது தீரும் என்பதை முடிவு செய்வது இந்த அசல் பகுதியே.

இந்த 590, மாதந்தோறும் 1.00875 மடங்காக வளர்ந்து 8,997-ஐ எட்டினால்தான் கடன் முடியும். 10.5 சதவீதத்தில் ஒரு தொகை இரட்டிக்க ஏறத்தாழ 80 மாதங்கள். 590-இலிருந்து 8,997-க்குப் போக நான்கு இரட்டிப்புகளுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். துல்லியமாகப் பார்த்தால் 313 மாதங்கள். பழைய வட்டியில் 1,791-இலிருந்து 8,997-க்குப் போக இரண்டே கால் இரட்டிப்பும் கொஞ்சமும்தான் தேவைப்பட்டது. ஒவ்வொன்றும் 93 மாதங்கள் என்றால் 216 வந்துவிடுகிறது. வட்டி உயர்வால் ஒவ்வோர் இரட்டிப்பும் விரைவாகவே நடக்கிறது. ஆனால் தொடங்கும் இடம் மிகக் கீழே போய்விட்டதால் படிகள் கூடிவிட்டன.

கடனின் தொடக்கத்தில் இருப்பவர்களை வட்டி உயர்வு இவ்வளவு கடுமையாகப் பாதிப்பது இதனால்தான். அசல் பகுதி மெலிந்திருக்கும் காலத்தில், வட்டியின் சிறு ஏற்றமும் அதை விழுங்கிவிடும். இதே உயர்வு உங்கள் கடனின் கடைசி 5 ஆண்டுகளில் வந்திருந்தால் இரண்டு மூன்று தவணைகள் கூடியிருக்கும், அவ்வளவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் நிலுவைக்கும் தவணைக்கும் 11.24 சதவீதம் என்பது எல்லை. அந்த வட்டியில் மாத வட்டியே 8,997 ஆகிவிடும். அசலுக்கு எதுவும் மிஞ்சாது. அதற்கு மேல் போனால், எடுத்துக்காட்டாக 11.25 சதவீதமானால், மாத வட்டி 9,007. நீங்கள் தவணை தவறாமல் கட்டினாலும் நிலுவை மாதம் 10 வீதம் ஏறத் தொடங்கும். அந்த நிலை வருமுன் பெரும்பாலும் தவணையை உயர்த்திவிடுவார்கள். உயர்த்தாமல் விட்டுவைக்கும் இடங்களும் உண்டு என்பதால், ஒவ்வொரு வட்டி மாற்றத்துக்குப் பிறகும் அறிக்கையில் நிலுவை உண்மையிலேயே இறங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. தவணை அதே தொகையாக இருப்பது ஆறுதல் தரும் செய்தி அன்று.

தவணைக்காரர்

தலை சுற்றுகிறது. தவணையைக் கூட்டச் சொன்னால் எவ்வளவு கூட்ட வேண்டும்? 216 மாதத்திலேயே முடிக்க விரும்புகிறேன்.

விரிதாள்

`=PMT(0.105/12, 216, -960789)` என்று இட்டால் 9,917.53 வருகிறது. மாதம் 920 கூடுதல். தவணையைக் கூட்ட முடியாது, கையில் ஒரு தொகை இருக்கிறது என்றால், சுமார் 89,150-ஐ ஒரே முறையில் அசலில் கட்டினாலும் பழைய தவணையிலேயே 216 மாதத்தில் முடியும்.

தவணைக்காரர்

மாதம் 920-ஐ எப்படியாவது சமாளித்துவிடலாம். அதைக் கொடுக்காமல் விட்டால் 97 மாதம் 8,997 வீதம் கட்ட வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் ஒரு வரியில் எழுதியிருக்கலாம். நன்றி, ஐயா, நன்றி, விரிதாள்.

எழிலி

313 பற்றிய கணக்கைப் போட்டுப் பார்த்தேன், எண் வருகிறது. ஆனால் முதலில் நான் சொன்னதை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. 15 ஆண்டு கடந்தவர் ஒரு லட்சத்தைக் கூடுதலாகக் கட்டி என்ன கண்டார்? அவர் தவணையில் வட்டி ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கும். முதல் சில ஆண்டுகளில் கட்டியவருக்குக் கிடைக்கும் மிச்சத்தோடு இதை ஒப்பிடவே முடியாது.

முன்னாள் காசாளர்

ஒப்பிட்டே பார்க்கலாம். நீலக்கடலின் கடனில், 60-ஆம் தவணைக்குப் பின் ஒரு லட்சத்தை அசலில் கட்டி, தவணையை அப்படியே வைத்தால், எஞ்சிய 180 தவணைகள் 143 ஆகும். கட்டிய லட்சத்தைக் கழித்தபின் நிகர மிச்சம் சுமார் 2,34,200. அதே லட்சத்தை 180-ஆம் தவணைக்குப் பின் கட்டினால் 60 தவணைகள் 44 ஆகும். நிகர மிச்சம் சுமார் 47,700. இந்த இரண்டு எண்களையும் பார்த்தால் நீங்கள் சொல்வதே சரி என்று தோன்றும்.

ஆனால் அடுத்த மாத அறிக்கையைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் வட்டி மிகச் சரியாக 750 குறைந்திருக்கும். ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 750. அது கடனின் 5-ஆம் ஆண்டா 15-ஆம் ஆண்டா என்பது அந்த லட்சத்துக்குத் தெரியாது. முதலில் கட்டியவர் அதிகம் மிச்சம் பிடிப்பதற்குக் காரணம், அவருடைய லட்சம் பத்து ஆண்டுக்கும் மேல் வேலை செய்கிறது. பின்னால் கட்டியவருடையது நான்கைந்து ஆண்டுகள்தான் வேலை செய்கிறது. இரண்டிலும் ஈட்டம் ஆண்டுக்கு அதே 9 சதவீதம். 15-ஆம் ஆண்டில் ஒருவர் கையில் உபரிப் பணம் இருந்து, அதை 9 சதவீதத்துக்குக் குறைவான வருவாயில் போட்டுவைத்திருந்தால், வட்டியெல்லாம் கட்டி முடித்துவிட்டேன் என்று சொல்லிக் கடனில் கட்டாமல் விடுவது அவருக்கு இழப்பே. அப்போது நிலுவை நாலே கால் லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அதற்கான வட்டி இன்னும் ஒரு காசும் கட்டப்படவில்லை.

எழிலி

சதவீதமாகப் பார்த்தால் சமம் என்பதை ஏற்கிறேன். ஆனால் மனிதர் சதவீதத்தைச் செலவு செய்வதில்லை. கடைசி ஆண்டுகளில் கையில் ஒரு லட்சம் ரொக்கமாக இருப்பது, வேலை போனாலோ உடல்நலம் கெட்டாலோ உதவும். கடனில் கட்டிவிட்டால் அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. அதோடு, விலைவாசி ஏற ஏற அதே 8,997 வருமானத்தில் சிறு பங்காகிக்கொண்டே வருகிறது. 47,700-ஐ நான் இந்த இரண்டோடும் எடைபோட்டுத்தான் பார்ப்பேன்.

முன்னாள் காசாளர்

கையிருப்பு வேண்டும் என்பது சரியான காரணம், அதை மறுக்கவில்லை. அந்தக் காரணம் 5-ஆம் ஆண்டுக்கும் அதே அளவு பொருந்தும் என்று மட்டும் சொல்வேன்.

நீலக்கடல்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இப்போது அட்டவணையை விட்டுவிட்டு, உண்மையான கணக்கு அறிக்கையை எடுத்து, ஐயா சொன்ன 1.0075 மடங்கு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வட்டி விகிதம் மாறாத ஆண்டிலேயே அசல் பகுதி ஒரு மாதம் ஏறுகிறது, அடுத்த மாதம் இறங்குகிறது. 5-ஆம் ஆண்டு முடிவையொட்டி, 28 நாள் மாதத்துக்கு வட்டி 6,120-ஐ ஒட்டியும், அதற்கடுத்த மாதத்துக்கு 6,780-ஐ ஒட்டியும் இருக்கிறது. நிலுவை குறைந்த பிறகு வட்டி எப்படி 650-க்கு மேல் ஏறும்?

விரிதாள்

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. உங்களுக்கு வட்டி நாள் கணக்கில் போடப்படுகிறது. நிலுவை 8,87,000 அளவில் இருக்கும்போது 9 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி ஏறத்தாழ 218.70. அதை 28-ஆல் பெருக்கினால் 6,124; 31-ஆல் பெருக்கினால் 6,780. தவணை மாறாததால், 31 நாள் மாதங்களில் அசல் பகுதி இளைத்தும், 28 நாள் மாதத்தில் கொழுத்தும் தெரியும். ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் ஒப்பந்த அட்டவணையோடு மிக நெருக்கமாக வந்துவிடும். எனவே அடுத்தடுத்த மாதங்களை ஒப்பிட வேண்டாம்; இந்த ஆண்டின் 12 தவணைகளின் அசல் கூட்டுத்தொகையைக் கடந்த ஆண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். 9 சதவீதத்துக்கு அது 1.094-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

நீலக்கடல்

1.093 வருகிறது. நெருக்கமாகவே இருக்கிறது.

இந்த 0.001 வேறுபாடு பெரிதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு தவணை இரண்டு நாள் தாமதமாகக் கழிக்கப்பட்டது நினைவுக்கு வருகிறது.

முன்னாள் காசாளர்

இரண்டு நாள் தாமதத்துக்கு ஏறத்தாழ 437 வட்டி. அந்த ஆண்டின் அசல் கூட்டுத்தொகையில் அவ்வளவும் குறைந்திருந்தால் விகிதம் இதைவிடப் பல மடங்கு அதிகமாக விலகியிருக்கும். ஆனால் அடுத்த தவணை வழக்கமான தேதியிலேயே கழிந்திருந்தால் அந்த இரண்டு நாட்கள் அடுத்த மாதக் கணக்கில் குறைந்துவிடும், பெரும்பகுதி ஈடாகிவிடும். கடந்த ஆண்டிலோ இந்த ஆண்டிலோ 366 நாள் வந்ததா என்றும் பாருங்கள்; அந்த ஒரு நாள் 219 அளவுக்கு மாற்றம் தரும், சில ஒப்பந்தங்களில் மட்டும் 366-ஆல் வகுத்து அதைச் சரிசெய்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் வட்டிக் கணக்கு முறை என்ற பத்தியில் எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கே இடுங்கள், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.